அட்ரீனல் கட்டி: காத்திருப்பதா, ஊசியா, துளையா, திறப்பா?

வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு கட்டி தெரிவது இப்போது மிகச் சாதாரணம். நடுவயதைத் தாண்டியவர்களை ஸ்கேன் செய்தால் நூற்றில் சிலருக்கு இப்படி ஒன்று இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை சுரப்பியின் வெளிப்பகுதியான புறணியில் வளர்ந்த சாதுவான கட்டிகள். அவை புற்று ஆவதில்லை, ஆளைக் கொல்வதும் இல்லை. அதே புறணியில் உருவாகும் புற்றுநோயோ ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் வருகிறது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் சிக்கல். எல்லாக் கட்டியையும் வெட்டினால் தேவையே இல்லாத ஆயிரக்கணக்கானோர் கத்திக்குக் கீழே போவார்கள். எல்லாவற்றையும் சும்மா விட்டால் அந்த ஒருவர் தப்பமாட்டார். இந்தப் புற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு: முதல் அறுவையிலேயே முழுசாக, உடையாமல் வெளியே வந்துவிட்டால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த அறுவை சொதப்பினால் அப்புறம் எத்தனை மருந்து கொடுத்தாலும் சரிசெய்வது கடினம். எனவே முதல் அடியை எங்கே வைக்கிறோம் என்பதே கேள்வி. நான்கு வழிகள் இருக்கின்றன: சில மாதம் கழித்து மறு ஸ்கேன், ஊசி போட்டு பயாப்சி, துளை வழி அறுவை எனப்படும் லேப்ராஸ்கோபி, வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை.

இவற்றைப் பொதுவாக ஒப்பிட்டால் எல்லாமே 'சில நேரம் சரி' என்று முடிந்துவிடும். அதனால் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். இவர் விளக்கத்துக்காக நான் உருவாக்கியவர்; ஆனால் இந்த அறிகுறிகளும் எண்களும் நிஜத்தில் இப்படியேதான் வரும்.

46 வயதுப் பெண். ஏழெட்டு மாதங்களாக முகம் உப்பி, வயிறு பெருத்து, கைகால் மட்டும் மெலிகிறது. படியேறும்போது தொடை கெஞ்சுகிறது. புதிதாக வந்த ரத்த அழுத்தம் மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை. மாதவிடாய் நின்றுவிட்டது, மாதவிடாய் நிற்கும் வயது வந்துவிட்டது என்று அவரும் விட்டுவிட்டார். முகவாயில் முடி வளர்கிறது, குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. முதுகுவலிக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில் இடது அட்ரீனலில் 7.2 செ.மீ. கட்டி. உள்ளே ஒரே சீராக இல்லை, ஆங்காங்கே திட்டுத்திட்டாக இருக்கிறது. சாயமருந்து செலுத்தாத படத்தில் அடர்த்தி 36 ஹவுன்ஸ்ஃபீல்டு. பக்கத்து உறுப்புகளுக்குள் புகுந்ததாகத் தெரியவில்லை. நுரையீரலிலும் கல்லீரலிலும் எதுவும் இல்லை.

ஸ்கேன் சொல்வது எதுவரை

ஹவுன்ஸ்ஃபீல்டு என்பது எக்ஸ் கதிர் ஒரு திசுவைக் கடக்கும்போது எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதன் அளவு. தண்ணீருக்கு 0, கொழுப்புக்கு ஏறக்குறைய மைனஸ் 100. அட்ரீனல் புறணி தன் ஹார்மோன்களை எல்லாம் கொலஸ்டிராலிலிருந்தே செய்வதால், சாதுவான புறணிக் கட்டியின் செல்களில் கொழுப்பு நிறைந்திருக்கும். அதனால் அதன் அடர்த்தி இறங்கிவிடும். கட்டி சீராக இருந்து அடர்த்தி 10 அல்லது அதற்குக் கீழே வந்தால், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் புற்று இல்லை என்று சொல்லி, மறு ஸ்கேனே வேண்டாம் என்று விட்டுவிடலாம். 2023இல் திருத்தி வெளியிடப்பட்ட ஐரோப்பிய வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது.

இதன் மறுபக்கம் இவ்வளவு உறுதியானதல்ல. அடர்த்தி அதிகம் என்றாலே புற்று என்று ஆகாது. சாதுவான கட்டிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கொழுப்புக் குறைந்தவை. அவையும் 10ஐத் தாண்டும். அட்ரீனலின் நடுப்பகுதியில் வளரும் ஃபியோகுரோமோசைட்டோமாவும் தாண்டும், வேறு இடத்துப் புற்று இங்கே வந்து படிந்தாலும் தாண்டும். ஆகவே 36 என்பது 'சாது என்று சொல்ல முடியாது' என்பதை மட்டுமே சொல்கிறது.

அளவும் அப்படித்தான். 4 செ.மீ.க்குக் குறைந்தவற்றில் புற்று மிக அபூர்வம். 6 செ.மீ.க்கு மேல் போனால் ஏறக்குறைய நான்கில் ஒன்று என்பது பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் மீதி மூன்று புற்று இல்லை. இந்தப் பெண்ணுக்கு அளவு, அடர்த்தி, சீரின்மை மூன்றுமே சந்தேகத்தின் பக்கம் நிற்கின்றன. சந்தேகத்தை ஏறக்குறைய உறுதியாக்குவது ரத்தப் பரிசோதனை.

ஒன்றா, பலவா

புறணியில் மூன்று அடுக்குகள். வெளி அடுக்கு உப்பைக் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோனைச் செய்கிறது. நடு அடுக்கு கார்டிசாலை, உள் அடுக்கு டி.எச்.இ.ஏ. என்ற வலுக்குறைந்த ஆண் ஹார்மோனைச் செய்கிறது. ரத்தத்தில் அளக்கும்போது இந்தக் கடைசி ஒன்றின் சல்பேட் வடிவத்தை, அதாவது டி.எச்.இ.ஏ.எஸ்.ஸை அளக்கிறார்கள். அது கிட்டத்தட்ட முழுவதுமே அட்ரீனலிலிருந்து வருவது, நாள் முழுக்க அதிகம் ஏறி இறங்காது. அதனால் நம்பி அளக்கலாம். ஆனால் வயது ஏற ஏற இயல்பாகவே குறையும் என்பதால் வயதுக்கேற்ற அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

நடு அடுக்குக்கும் உள் அடுக்குக்கும் மேலாளர் ஒருவரே: மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் ஏ.சி.டி.எச். கார்டிசால் கூடினால் ஏ.சி.டி.எச். அடங்கிவிடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து வருவது எளிது.

சாதுவான ஒரு கட்டி தன் போக்கில் கார்டிசாலைச் சுரக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி.டி.எச். அடங்கும். ஏ.சி.டி.எச். இல்லாததால் மற்ற அட்ரீனல் திசு முழுவதும் சோம்பிப்போகும். டி.எச்.இ.ஏ.எஸ். செய்ய ஆளில்லாமல் அதன் அளவும் விழும். ஆக, சாதுவான கார்டிசால் கட்டியில் கார்டிசால் மிகுந்தும் டி.எச்.இ.ஏ.எஸ். குறைந்தும் இருக்கும். சரி, ஏ.சி.டி.எச். அடங்கிக் கிடக்கும்போதும் டி.எச்.இ.ஏ.எஸ். உயர்ந்து நின்றால்? அதைச் சுரப்பது கட்டியேதான். ஒரே கட்டி இரண்டு அடுக்குகளின் வேலையையும் எவர் கட்டளையும் இல்லாமல் செய்கிறது. வயதுவந்தவர்களிடம் சாதுவான கட்டி இப்படி நடந்துகொள்வது அரிது. புற்றோ அடிக்கடி இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஹார்மோன் சுரக்கும் புற்றுகளில் கார்டிசாலும் ஆண் ஹார்மோன்களும் சேர்ந்து வருவது மிகவும் பழக்கமான ஜோடி.

நம் நோயாளியின் எண்கள் இவை. ஏ.சி.டி.எச்.ஐ அடக்கும் செயற்கை ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனை இரவு 1 மில்லிகிராம் விழுங்கிவிட்டு மறுநாள் காலை அளந்த கார்டிசால் டெசிலிட்டருக்கு 17 மைக்ரோகிராம். இயல்பான ஒருவரிடம் அது 1.8க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஏ.சி.டி.எச். அளக்க முடியாத அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. டி.எச்.இ.ஏ.எஸ். அவர் வயதுக்கான உச்ச வரம்பைப் போல மூன்று மடங்கு. டெஸ்டோஸ்டிரோனும் ஆண்ட்ரோஸ்டீன்டயோனும் உயர்வு. முகவாய் முடிக்கும் குரலுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அவருடைய பொட்டாசியம் 2.9. அழுத்தம் அதிகம், பொட்டாசியம் குறைவு என்றதும் 'ஆல்டோஸ்டிரோனும் சுரக்கிறது, மூன்றாவது ஹார்மோன்' என்று எழுதிவிடத் தோன்றும். அளந்து பார்த்தால் ஆல்டோஸ்டிரோன் தாழ்வு, அதைத் தூண்டும் ரெனினும் தாழ்வு. நடந்தது வேறு. சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டிரோனுக்கான ஏற்பியில் கார்டிசாலும் போய் ஒட்டும் வல்லமை கொண்டது. வழக்கமாக அங்கே ஒரு நொதி கார்டிசாலைச் செயலிழக்கச் செய்து தடுத்துவிடும். கார்டிசால் வெள்ளமாக வந்தால் அந்த நொதியால் சமாளிக்க முடியாது. கார்டிசாலே ஆல்டோஸ்டிரோன் வேலையைச் செய்து பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். புற்றில் டிஆக்ஸிகார்ட்டிகோஸ்டிரோன் என்ற இடைநிலைப் பொருளும் சேர்ந்து இதையே செய்யலாம். ஆல்டோஸ்டிரோனை உண்மையிலேயே சுரக்கும் புற்று அரிது.

எதிர்ப்பக்கப் பொறியும் ஒன்று உண்டு. இரண்டு ஹார்மோன் என்றாலே புற்று என்று பயப்படுவது. ஆல்டோஸ்டிரோனும் கார்டிசாலும் சேர்ந்து சுரக்கும் கட்டிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சின்னதாக, சாதுவாகவே இருக்கும். அங்கே கார்டிசாலைக் கவனிக்காமல் விடுவதன் ஆபத்து வேறு: கட்டியை எடுத்த மறுநாளே, சோம்பிக்கிடந்த மற்றொரு அட்ரீனல் கைகொடுக்காமல் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். எனவே எத்தனை ஹார்மோன் என்பதைவிட எந்த ஜோடி என்பதே முக்கியம். கார்டிசாலோடு ஆண் ஹார்மோன் என்றால் கவலை. ஆணுக்கு மார்பகம் வளர்ந்து, ஈஸ்ட்ரோஜன் உயர்ந்து, அட்ரீனலில் கட்டியும் இருந்தால் புற்று என்றே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் உயர்ந்தாலும் அப்படித்தான்.

புற்று ஏன் பலதையும் கலந்து சுரக்கிறது? அதன் செல்கள் முதிர்ச்சி குறைந்தவை. கொலஸ்டிராலைப் படிப்படியாகக் கார்டிசாலாக மாற்றும் நொதிகளில் கடைசிப் படியைச் செய்வது அவற்றில் பலவீனம். கடைசி இயந்திரம் பழுதான ஆலையில் பாதி முடிந்த சரக்கு குவிவதுபோல, 11-டிஆக்ஸிகார்டிசால் போன்ற முன்பொருள்கள் தேங்கி, ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் வந்துவிடும். உடலில் ஒரு அறிகுறியும் காட்டாத புற்றிலும் இந்த அரைகுறைச் சரக்கு சிறுநீரில் கிடைக்கும். 2020இல் வெளியான யூரைன்-ஏசிடி என்ற ஆய்வு 2,000 பேருக்கு மேல் இதைச் சோதித்தது. கட்டி 4 செ.மீ. அல்லது அதற்கு மேல், அடர்த்தி 20க்கு மேல், சிறுநீரில் இந்த ஸ்டீராய்டுக் கையெழுத்து ஆகிய மூன்றும் சேர்ந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்குப் புற்று இருந்தது. அளவை மட்டும் பார்த்தபோது கிடைத்த 'நான்கில் ஒன்று' இங்கே தலைகீழாகிவிட்டதைக் கவனியுங்கள். இந்தச் சிறுநீர்ப் பரிசோதனை எல்லா ஆய்வகத்திலும் கிடைக்காது. கிடைக்காத இடத்தில் டி.எச்.இ.ஏ.எஸ்., 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், ஆண்ட்ரோஸ்டீன்டயோன், 11-டிஆக்ஸிகார்டிசால் ஆகியவற்றை ரத்தத்தில் அளந்து ஓரளவு அதே படத்தைப் பெறலாம்.

இன்னும் ஒரு பரிசோதனை மீதி. அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சிதைந்து உருவாகும் மெட்டாநெஃப்ரின்கள்; ஃபியோகுரோமோசைட்டோமாவில் இவை உயரும். ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதி செய்யாமல் 36 அடர்த்தியுள்ள கட்டியை ஊசியாலோ கத்தியாலோ தொடக் கூடாது. தொட்டால் அழுத்தம் வெடித்து உயிரே போகலாம். நம் நோயாளிக்கு அது இயல்பாக வந்தது.

வழி ஒன்று: காத்திருந்து மறு ஸ்கேன்

இந்த வழி மோசமானதல்ல, இந்த நோயாளிக்குத்தான் பொருந்தாது. 2.5 செ.மீ. கட்டி, சீரானது, அடர்த்தி 15, ஹார்மோன் மிகை எதுவும் இல்லை என்றால் ஓராண்டு கழித்துப் பார்ப்பதுதான் என் தேர்வும். வேண்டுமானால் உடனே இன்னொரு வகை ஸ்கேன் எடுத்துத் தெளிந்துகொள்ளலாம். மறு ஸ்கேனில் அதிகபட்ச விட்டம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும், குறைந்தது 5 மில்லிமீட்டரும் வளர்ந்திருந்தால் அப்போது அறுவையைப் பேசலாம்.

7.2 செ.மீ., 36 அடர்த்தி, இரண்டு ஹார்மோன் என்ற நிலையில் மூன்று மாதம் காத்திருந்தால் புதிதாக எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம்? வளர்ந்திருந்தால் அறுவை. வளராவிட்டாலும் கார்டிசாலுக்காகவே அறுவை. முடிவை மாற்றாத தகவலுக்காக, கல்லீரலுக்குப் பரவ அந்தக் கட்டிக்கு மூன்று மாதம் கொடுப்பதாகிவிடும். 2009இல் வெளியான ஐரோப்பிய நிலைப்பகுப்பில், புறணிப் புற்று உறுப்புக்குள் அடங்கி 5 செ.மீ.க்கு மேல் இருந்த இரண்டாம் நிலையில் ஐந்தாண்டு உயிர் பிழைப்பு 61 சதவீதம். தொலைவுக்குப் பரவிய நான்காம் நிலையில் 13 சதவீதம்.

வழி இரண்டு: ஊசி பயாப்சி

நோயாளியின் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். 'ஒரு ஊசி போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாமே?' மார்பகக் கட்டிக்கும் தைராய்டு கட்டிக்கும் அப்படித்தானே செய்கிறார்கள். கேள்வி நியாயமானது. இங்கே மட்டும் பதில் வேறு.

புறணிக் கட்டி சாதுவா, புற்றா என்பதை நோயியல் மருத்துவர் ஒரு செல்லைப் பார்த்துச் சொல்வதில்லை. 1984இல் லாரன்ஸ் வைஸ் வகுத்த முறையில் ஒன்பது அம்சங்களைப் பார்க்கிறார்கள்: செல் பிளவு எத்தனை, இயல்பற்ற பிளவு உண்டா, திசு இறந்த திட்டுகள் உண்டா, ரத்த நாளத்துக்குள் புகுந்திருக்கிறதா, உறையைத் துளைத்திருக்கிறதா என்பதுபோல. மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் புற்று. உறை துளைக்கப்பட்டதா என்பதை, உறையோடு முழுக் கட்டியும் கையில் இருந்தால்தான் பார்க்க முடியும். ஊசி முனையில் வரும் மெல்லிய இழையில் அது இருக்காது. கட்டியே திட்டுத்திட்டாக இருக்கும்போது, சாதுவாகத் தெரியும் ஒரு மூலையிலிருந்து ஊசி எடுத்து வந்துவிடவும் கூடும்.

பதில் தெளிவாக வராது என்பதோடு, உறையை நாமே துளைத்தும் விடுகிறோம். செல்கள் ஊசித்தடம் வழியே சிந்த வாய்ப்புண்டு. 'புற்று' என்று வந்தால் அறுவை. 'புற்று இல்லை' என்று வந்தால் அதை நம்ப முடியாது, எனவே அப்போதும் அறுவை. அறுவை செய்யக்கூடிய புறணிக் கட்டிக்கு பயாப்சி செய்யச் சொல்லும் ரிப்போர்ட்டைக் கண்டால் நான் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கச் சொல்வேன்.

இரண்டு இடங்களில் ஊசிக்கு வேலை உண்டு. நுரையீரல் புற்றுபோல ஏற்கெனவே வேறொரு புற்று உள்ளவருக்கு, அது அட்ரீனலுக்கு வந்திருக்கிறதா என்று அறிவதால் சிகிச்சை மாறும் என்றால் செய்யலாம். அறுவை செய்யவே முடியாத அளவு பரவி, மருந்து தொடங்கும் முன் நோயின் பெயர் உறுதியாக வேண்டும் என்றாலும் செய்யலாம். இரண்டுக்கும் முன்னால் மெட்டாநெஃப்ரின் பார்த்தாக வேண்டும்.

துளையா, திறப்பா

முதல் இரண்டு வழிகளைத் தள்ளுவது எளிது. கடினமான தேர்வு இங்கே. லேப்ராஸ்கோபிக்கு ஆதரவான வாதங்கள் உண்மையானவை. சில சின்னத் துளைகள், வலி குறைவு, ஓரிரு நாளில் வீடு. திறந்த அறுவையில் விலா எலும்புக்குக் கீழே நீண்ட வெட்டு, ஒரு வாரம் வரை மருத்துவமனை, பின்னாளில் தழும்பு வழியே குடலிறக்கம் வரும் சாத்தியம். நம் நோயாளிக்கு இதில் கூடுதல் கனம் உண்டு. மிகையான கார்டிசால் புண் ஆறுவதைக் கெடுக்கிறது, தொற்றை எளிதாக்குகிறது, ரத்தம் உறைவதைக் கூட்டுகிறது. 'இப்படிப்பட்டவருக்கா பெரிய வெட்டு?' என்று கேட்டால், வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எதிர்த்தட்டில் இருப்பது ஒரே ஒரு விஷயம், அது கனமானது. புறணிப் புற்று மென்மையானது, எளிதில் பிய்ந்துவிடும். துளை வழியே நுழையும் நீண்ட கருவிகளால் 7 செ.மீ. கட்டியைத் தள்ளி, தூக்கி, விலக்கும்போது உறை கிழிந்தால் செல்கள் வயிற்றறை முழுக்கச் சிந்தும். சில மாதங்களில் வயிற்றுச் சவ்வெங்கும் சிறுசிறு முடிச்சுகளாக நோய் திரும்பும். அப்போது அதை முழுவதும் வெட்டியெடுக்க வழியிருக்காது. திறந்த அறுவையில் கட்டியைத் தொடாமலே, அதைச் சுற்றியிருக்கும் கொழுப்போடும் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளோடும் ஒரே பாளமாக எடுக்க முடியும். சிறுநீரகத்துக்குள் புகாவிட்டால் சிறுநீரகத்தை எடுக்கத் தேவையில்லை. இடது பக்கக் கட்டி சிறுநீரகச் சிரைக்குள் நாக்கு நீட்டியிருந்தால் அதையும் நேரில் கண்டு கையாள முடியும்.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட சோதனை எதுவும் இல்லை. நோய் அவ்வளவு அரிது. இருப்பவை பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வுகள். சிலவற்றில் துளை அறுவைக்குப் பின் வயிற்றுச் சவ்வில் நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. வேறு சிலவற்றில், சிறிய கட்டிகளைத் தேர்ந்த கைகள் செய்தபோது வித்தியாசம் தெரியவில்லை. எந்த நோயாளிக்கு எந்த அறுவை என்பதை மருத்துவரே தேர்ந்தெடுத்திருந்ததால் இரண்டு தரப்பையும் முழுசாக நம்ப முடியாது. வழிகாட்டுதல்கள் நடுவில் நிற்கின்றன: 6 செ.மீ. வரை, புகுந்து பரவிய அடையாளம் இல்லை, அனுபவமுள்ளவர் கை என்றால் துளை வழியே போகலாம், பக்கத்தில் புகுந்திருந்தால் திறப்புதான், 6 செ.மீ.க்கு மேல் ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

இந்த 46 வயதுப் பெண்ணுக்கு என் பரிந்துரை திறந்த அறுவை. கட்டி 6ஐத் தாண்டியது மட்டும் காரணமல்ல. ஹார்மோன் ஜோடி புற்றின் வாய்ப்பை ஏற்றிவிட்டதால், உறை கிழிந்தால் ஏற்படும் விலையும் ஏறிவிட்டது. அதே 7.2 செ.மீ. கட்டி, அடர்த்தி 8, சீரானது, டி.எச்.இ.ஏ.எஸ். தாழ்வு, கார்டிசால் மட்டும் மிகை என்று இருந்திருந்தால் துளை வழியே தயங்காமல் போகச் சொல்வேன். 4.5 செ.மீ., அடர்த்தி 28, ஹார்மோன் எதுவும் மிகை இல்லை என்ற மூன்றாவது நபர் இருந்தால், அவருக்கும் துளை பொருந்தும், ஆனால் ஒரு நிபந்தனையோடு: உள்ளே ஒட்டலோ பிடிப்போ தெரிந்த கணமே, கிழிப்பதற்கு முன்னால், திறப்புக்கு மாறிவிட வேண்டும்.

எந்த வழி என்பதைவிடச் சில நேரம் யார் கை என்பது பெரிது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு அட்ரீனல் செய்பவரிடம் இந்த அறுவையை ஒப்படைக்கக் கூடாது. ஆண்டுக்குக் குறைந்தது ஆறு செய்பவராக இருக்க வேண்டும், புறணிப் புற்றுக்கு இருபதுக்கு மேல் செய்பவர் கிடைத்தால் நல்லது என்று ஐரோப்பிய நிபுணர்கள் எழுதியிருக்கிறார்கள். அறுவை நிபுணரிடம் 'வருஷத்துக்கு எத்தனை?' என்று நேரடியாகக் கேட்பதில் தவறே இல்லை.

கார்டிசால் பற்றிய அந்த நியாயமான கவலைக்கும் வழி உண்டு. அறுவைத் தேதியைத் தள்ளாமல், இடைப்பட்ட நாட்களில் மெட்டிரபோன் போன்ற மருந்தால் கார்டிசால் உற்பத்தியை அடக்கலாம். பொட்டாசியத்தை ஏற்றி, சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவரலாம். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் வகை ஊசியை அறுவைக்குப் பிறகு சில வாரம் தொடரலாம். இவ்வளவும் செய்தால் பெரிய வெட்டின் அபாயம் முழுசாகப் போகாது, ஆனால் தாங்கக்கூடியதாகிவிடும்.

எடுத்த பிறகு

அறுவை மேசையிலேயே ஹைட்ரோகார்டிசோன் தொடங்க வேண்டும். மற்ற அட்ரீனல் மாதக்கணக்கில் தூங்கியிருக்கிறது, அது விழிக்க மேலும் மாதங்கள் பிடிக்கும். இதைத் தவறவிட்டால் வெற்றிகரமான அறுவைக்கு மறுநாள் அழுத்தம் விழுந்து, வாந்தி, மயக்கம் என்று வரும்.

நம் நோயாளியின் கட்டி உறை கிழியாமல் வந்தது, விளிம்புகளில் நோய் இல்லை. வைஸ் மதிப்பெண் 6. செல் பெருக்கத்தைக் காட்டும் கி-67 அளவு 18 சதவீதம். ஆக, இது புற்றுதான், இரண்டாம் நிலை. இங்கே மறுபடியும் ஒரு தேர்வு வருகிறது: மைட்டோடேன் கொடுப்பதா, வேண்டாமா. அட்ரீனல் செல்களையே அழிக்கும் மருந்து அது. முழுவதும் எடுக்கப்பட்டு, கி-67 10 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்களிடம் நடந்த அடியுவோ சோதனையில் மைட்டோடேன் தெளிவான நன்மை எதையும் காட்டவில்லை. அவர்களைக் கண்காணித்தாலே போதும். 18 என்பது அந்த வேலிக்கு வெளியே இருக்கிறது, எனவே இவருக்குக் கொடுப்பதே வழக்கம்.

கொடுப்பது என்றால் சும்மா மாத்திரை எழுதித் தருவதல்ல. ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 14 முதல் 20 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் பலன் தேயும், கூடினால் தள்ளாட்டமும் குழப்பமும் வரும். அந்த அளவை எட்டவே பல வாரம், சிலருக்கு மாதங்கள் ஆகும். இந்த மருந்து ஹைட்ரோகார்டிசோனை ஈரலில் வேகமாகச் சிதைத்துவிடுவதால் அதன் அளவை வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்காவது ஏற்ற வேண்டியிருக்கும். கார்டிசாலைக் கட்டிப்போடும் புரதத்தையும் இது கூட்டுவதால், ரத்தத்தில் மொத்த கார்டிசாலை அளந்தால் 'போதுமானது' என்று பொய்யாகக் காட்டும். சோர்வு, குமட்டல் என்று நோயாளி சொல்வதைத்தான் அங்கே நம்ப வேண்டும்.

கண்காணிப்பில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஸ்கேன். கூடவே, அறுவைக்கு முன் எந்த ஹார்மோன்கள் உயர்ந்திருந்தனவோ அவற்றையே அளக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அது டி.எச்.இ.ஏ.எஸ்.ஸும் ஆண்ட்ரோஸ்டீன்டயோனும். அறுவைக்குப் பிறகு அடியோடு விழுந்த அந்த எண் மறுபடி மேலேறினால், ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் தேட ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் முதல் அறுவைக்கு முன்பே முழு ஹார்மோன் பட்டியலையும் எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது. கட்டி போன பிறகு அது எதைச் சுரந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.